ஐந்து வருடத் தொகை, ஒரு வருடக் கெடு

பயிர்க்கடன் அனுமதிக் கடிதம் கைக்கு வந்ததும் முதலில் கண்ணில் படுவது அதிலிருக்கும் பெரிய தொகைதான். குழப்பம் தொடங்குவதும் பெரும்பாலும் அங்கேதான். கடிதத்தில் 1,37,000 ரூபாய் என்று இருக்கும். எடுக்கலாம் என்று வங்கி சொல்வது 93,600. சேமிப்புக் கணக்குக்கு வந்து சேர்வது அதையும்விடக் குறைவு. இடையில் யாரோ கையை வைத்துவிட்டார்கள் என்று தோன்றுவது இயல்பு. பல சமயம் அப்படி எதுவும் நடந்திருக்காது, சில சமயம் நடந்தும் இருக்கும். எது எது என்று பிரித்துப் பார்க்கக் கடிதத்தை எப்படி வாசிப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

1998-இல் அறிமுகமான உழவர் கடன் அட்டைத் திட்டம், அதாவது கிராமத்தில் எல்லோரும் ‘கேசிசி’ என்று சொல்லும் கிசான் கிரெடிட் கார்டு, ஒரே காகிதத்தில் இரண்டு கால அளவுகளைப் பேசுகிறது. கடன் ஏற்பாடு ஐந்து வருடத்துக்கு. அதில் எடுக்கும் பணம் ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டியது. ஐந்து வருடக் கணக்கில் எழுதப்பட்ட எண்ணை இந்த வருடத்து எண்ணாக வாசிப்பதால்தான் பாதித் தொல்லை வருகிறது.

புரிவதற்காக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மன்னார்குடிப் பக்கம் 2 ஏக்கரில் சம்பா நெல் போடும் ஒரு பெண் விவசாயி, தேசியமய வங்கிக் கிளை ஒன்றில் கேசிசி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதைக் கிளை மேலாளர் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்வதில்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் தொழில்நுட்பக் குழு ஒன்று கூடி, பயிர்வாரியாக ஏக்கருக்கு இவ்வளவு என்று வருடந்தோறும் ஓர் அளவை நிர்ணயிக்கிறது. வங்கிகளில் இதை ‘ஸ்கேல் ஆஃப் ஃபைனான்ஸ்’ என்பார்கள். நம் கணக்குக்கு அதை ஏக்கருக்கு 36,000 ரூபாய் என்று எடுத்துக்கொள்ளலாம். 2 ஏக்கருக்கு 72,000.

இதன்மேல் அறுவடைக்குப் பிந்திய செலவு, வீட்டுச் செலவு ஆகியவற்றுக்காக 10 சதவீதம் சேரும்: 7,200. மோட்டார், வரப்பு, கருவிகள் ஆகியவற்றின் பராமரிப்புக்கு 20 சதவீதம்: 14,400. ஆக மொத்தம் 93,600. காப்பீட்டுப் பிரீமியத்தையும் விதிப்படி இந்த வரம்பில் சேர்ப்பார்கள். கணக்கு சிக்கலாகாமல் இருக்க அதை இப்போதைக்கு விட்டுவிடலாம். இதுதான் முதல் வருடம் அவர் எடுக்கக்கூடிய உச்ச அளவு.

அப்படியானால் 1,37,000 எங்கிருந்து வந்தது? உரமும் கூலியும் வருடத்துக்கு வருடம் ஏறும் என்பதால், இரண்டாம் வருடத்திலிருந்து ஒவ்வொரு வருடமும் வரம்பில் 10 சதவீதம் கூட்டுகிறார்கள். 93,600 இரண்டாம் வருடம் 1,02,960 ஆகிறது, மூன்றாம் வருடம் 1,13,256. இப்படியே போனால் ஐந்தாம் வருடம் ஏறத்தாழ 1,37,000. கடிதத்தின் தலைப்பில் இருப்பது ஐந்தாம் வருடத்து எண். ஒவ்வொரு வருடமும் கையெழுத்து வாங்கி அலைக்கழிக்காமல் ஒரே தடவையில் பத்திரம் முடிப்பதற்கான ஏற்பாடு இது. ஏமாற்று எதுவும் இதில் இல்லை.

ஆகவே கடிதத்தைப் புரட்டும்போது மொத்த வரம்பைத் தாண்டி, ‘இந்த ஆண்டு எடுக்கத்தக்க வரம்பு’ என்ற வரியைத் தேட வேண்டும். அந்த எண் சரியா என்று சோதிக்கப் பயிரின் பெயர், பரப்பு, ஏக்கருக்கான அளவு என்ற மூன்று விவரங்கள் போதும். பரப்பில் தவறு நேர்வது சகஜம். கூட்டுப் பட்டாவில் தன் பங்கு மட்டும் ஏறியிருக்கும். அல்லது அடங்கலில் ஒரு சர்வே எண் விடுபட்டிருக்கும். ஒரு ஏக்கர் விடுபட்டால் வரம்பில் 46,800 ரூபாய் குறைந்துவிடும் என்பதை இதே கணக்கிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். பயிரின் பெயர் தவறினால் விளைவு வேறு மாதிரி இருக்கும். வரம்பு மாறுவதோடு காப்பீடும் தவறான பயிருக்குப் போய்விடும். இது பற்றிப் பின்னால் பார்ப்போம்.

இன்னொன்றையும் இங்கேயே கேட்டுக்கொள்ள வேண்டும். பிணையாக நிலத்தை எழுதி வாங்கினார்களா என்பது அது. 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் ரூபாய் வரையிலான விவசாயக் கடனுக்குச் சொத்துப் பிணையம் கேட்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி உயர்த்தியிருக்கிறது. அதற்கு முன் இந்த எல்லை 1.6 லட்சம்.

வரம்புக்கு அடுத்து தேதி. பணம் பறிபோவது அதிகமும் இங்கேதான்.

கடிதத்தில் ‘செல்லுபடியாகும் காலம்’ என்று ஐந்து வருடம் தள்ளி ஒரு தேதி இருக்கும். அதைப் பார்த்து, கட்டுவதற்கு ஐந்து வருடம் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடுகிறவர்கள் உண்டு. அது அட்டையின் ஆயுள் மட்டுமே. பணத்தைத் திருப்பிக் கட்டும் கெடு வேறு. பயிர் எப்போது அறுவடையாகி விற்பனையாகும் என்பதை ஒட்டி வங்கி அதை நிர்ணயிக்கிறது. பல வங்கிகள் பணம் எடுத்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் என்று வைக்கின்றன. கூட்டுறவு சங்கங்களில் நெல்லுக்கு ஒரு வருடத்துக்கும் குறைவான கெடு வைப்பதும் உண்டு. பக்கத்து வயல்காரர் வேறு இடத்தில் கடன் வாங்கியிருந்தால் அவருடைய தேதி நமக்குப் பொருந்தாது.

ஒரே கடனில் மூன்று நான்கு தேதிகள் உலவும்: அனுமதித்த தேதி, பத்திரத்தில் கையெழுத்திட்ட தேதி, பணம் எடுத்த தேதி, கெடு தேதி. நம் விவசாயிக்கு செப்டம்பர் 8-ஆம் தேதி அனுமதி, 20-ஆம் தேதி பணம் என்றால், ஒரு வருடம் எண்ணப்படுவது 20-ஆம் தேதியிலிருந்து. கெடு தேதியைக் கடிதத்தில் நாள், மாதம், வருடத்தோடு எழுதித் தரச் சொல்வதே நல்லது. ‘அறுவடைக்குப் பிறகு’ என்று வாயால் சொல்லப்படும் கெடுவை வைத்துக்கொண்டு பின்னால் ஒன்றும் பேச முடியாது.

தேதிக்கு ஏன் இத்தனை அலட்டல் என்றால், வட்டிச் சலுகை முழுவதும் அதில்தான் தொங்குகிறது. மத்திய அரசின் வட்டி மானியத் திட்டப்படி, 3 லட்சம் ரூபாய் வரையிலான குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு விவசாயியிடம் வாங்கும் வட்டி 7 சதவீதம். வங்கிக்கு நேரும் இழப்பில் ஒரு பங்கை அரசு ஈடுகட்டுகிறது. கெடுவுக்குள் கட்டி முடித்தவருக்கு மேலும் 3 சதவீதம் ஊக்கத்தொகை. அதனால்தான் ‘நாலு வட்டிக் கடன்’ என்ற பெயர். ஆனால் கடிதத்தில் 4 சதவீதம் என்று இருக்காது, 7 என்றே இருக்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. நான்கு என்பது கட்டி முடித்த பிறகு வருகிற கணக்கு.

நம் விவசாயி செப்டம்பர் 20 அன்று 90,000 ரூபாய் எடுத்தார் என்று வைப்போம். ஒரு வருடத்துக்கு 7 சதவீத வட்டி 6,300. கெடுவுக்குள் அசலும் வட்டியும் கட்டிவிட்டால் 2,700 ரூபாய் ஊக்கத்தொகை அவருக்கு உண்டு. நிகர வட்டி 3,600. கெடு முடிந்து ஒரே ஒரு நாள் கழித்துக் கட்டினால் அந்த 2,700 போய்விடும். தாமதமான அந்த ஒரு நாளுக்கு மட்டும் கழிப்பார்கள் என்று நினைக்கக்கூடாது. முழு வருடத்து ஊக்கத்தொகையும் இல்லாமல் போகும். கெடுவுக்குப் பிந்திய நாட்களுக்கு வங்கியின் வழக்கமான வட்டி, அதாவது 7-ஐவிடக் கூடுதலான வட்டி ஓடும். கெடு தாண்டாத பயிர்க்கடனுக்கு வட்டிக்கு வட்டி போடக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. தாண்டிவிட்டால் அந்தப் பாதுகாப்பும் போகிறது.

‘வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்துக்கொள்ளலாம்’ என்று கவுன்டரில் சொல்லப்படும் யோசனை இங்கேதான் ஆபத்தாகிறது. ஊக்கத்தொகை, எடுத்த கடனைத் திருப்பிச் செலுத்தியவருக்கானது. வட்டியை மட்டும் கட்டினால் கடன் திரும்பியதாகாது. அதனாலேயே, கையில் காசில்லாதவர்கள் இரண்டு நாளைக்கு வெளியில் வட்டிக்குப் புரட்டி, அசலையும் கட்டி, மறுநாளே புதிதாக எடுத்து வெளிக்கடனை அடைக்கிறார்கள். டெல்டா கிராமங்களில் இது ரகசியமே இல்லை. நூற்றுக்கு இரண்டு மூன்று என்று வெளியில் கொடுத்தாலும் 2,700 ரூபாயைக் காப்பாற்ற அது கட்டுப்படியாகிறதா என்று அவரவர் கணக்குப் போட்டுத்தான் செய்கிறார்கள்.

தள்ளுபடி வரும் என்று காத்திருப்பது இன்னொரு வகை. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தது, 16.43 லட்சம் விவசாயிகள் பயனடைவார்கள் என்றது. அந்த நினைவு இன்னும் பசுமையாக இருப்பதால், தேர்தல் வருடம் வந்தாலே கெடுவைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. ஆனால் அந்த அறிவிப்பு கூட்டுறவுக் கடனுக்கு மட்டும்தான். தேசியமய வங்கியில் வாங்கியவருக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை.

சலுகைக்குக் கெடுவைத் தவிர வேறு நிபந்தனைகளும் உண்டு. கடன் கணக்கோடு ஆதார் இணைந்திருக்க வேண்டும். 3 லட்சம் என்ற உச்ச அளவு ஒரு வங்கிக்கு அல்ல, ஒரு விவசாயிக்கு. சங்கத்தில் வாங்கியதும் வங்கியில் வாங்கியதும் சேர்த்தே பார்க்கப்படும். இந்த அளவை 5 லட்சமாக உயர்த்துவதாக 2025 மத்திய பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது. பத்திரிகைச் செய்தியை நம்பிக் கூடுதலாக எடுப்பதற்கு முன், தன் கடனுக்கு எந்த அளவு வரை சலுகை என்பதைக் கிளையிலேயே கேட்டுவிடுவது உத்தமம். கடன் கேசிசி கணக்காகவும் இருக்க வேண்டும். நகையை வைத்து விவசாயக் கடன் என்று வாங்கிய பலருக்கு 4 சதவீத வட்டி 2019-20 வாக்கில் நின்றுபோனதற்கு இதுதான் காரணம்.

ஊக்கத்தொகையைப் பெரும்பாலும் வங்கி முதலில் கழித்துக்கொள்வதில்லை. விவசாயி 7 சதவீதத்தில் கட்டி முடிக்கிறார். வங்கி அரசிடம் கோரிப் பெற்று, 3 சதவீதத்தைப் பின்னர் கணக்கில் வரவு வைக்கிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிய கிசான் ரின் போர்ட்டல் வழியாக இந்தக் கோரிக்கைகள் இப்போது போகின்றன. கட்டி சில மாதம் ஆன பிறகும் பாஸ்புக்கில் அந்த வரவு இல்லையென்றால், கட்டிய தேதியைக் காட்டி எழுத்தில் கேட்கலாம். கேட்காதவருக்கு யாரும் நினைவூட்டுவதில்லை.

இனி பிடித்தம். நம் விவசாயி எடுத்தது 90,000. சேமிப்புக் கணக்கில் வந்தது 86,058. குறைந்த 3,942 ரூபாய் எங்கே போனது?

அவர் மேலாளரிடம் கேட்கிறார்: “சார், தொண்ணூறுன்னு கையெழுத்துப் போட்டேன். நாலாயிரம் கிட்ட குறையுதே?” மேலாளர் சொல்வது ஒரே வார்த்தை: “இன்சூரன்ஸ்ம்மா.” அந்த ஒரு வார்த்தைக்குள் நான்கு தனித்தனி பிடித்தங்கள் இருக்கின்றன. ஸ்டேட்மென்ட்டை வாங்கி வரிவரியாகப் பார்த்தால்தான் அவை பிரியும்.

முதல் வரி 1,080 ரூபாய். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டப் பிரீமியம். ஸ்டேட்மென்ட்டில் PMFBY என்று குறித்திருப்பார்கள். காப்பீட்டுத் தொகை ஏக்கருக்கு 36,000 வீதம் 72,000. சம்பா நெல்லுக்கு விவசாயியின் பங்கு அதில் 1.5 சதவீதம், கணக்கு சரி. காரிஃப் பருவத்து உணவுப் பயிர், எண்ணெய் வித்துகளுக்கு 2 சதவீதம். வணிகப் பயிர், தோட்டப் பயிர்களுக்கு 5 சதவீதம் வரை. நெல்லுக்கு இந்த அளவைத் தாண்டிப் பிடித்திருந்தால் பயிர் அல்லது பரப்பு தவறாக ஏறியிருக்கிறது என்று அர்த்தம். பிரீமியம் கடன் கணக்கிலிருந்து போவதால் அதற்கும் வட்டி ஓடும்.

இது கட்டாயம் என்ற எண்ணம் இன்னும் பரவலாக இருக்கிறது. 2016-இல் திட்டம் தொடங்கியபோது கடன் வாங்கியவருக்குக் கட்டாயமாகத்தான் இருந்தது. 2020 காரிஃப் பருவத்திலிருந்து விருப்பம். ஆனால் விருப்பம் என்றால் ‘வேண்டும்’ என்று சொன்னால் சேர்ப்பார்கள் என்று பொருள் இல்லை. கடன் வாங்கியவர், வேண்டாம் என்று பதிவுக்கான கடைசித் தேதிக்கு ஏழு நாள் முன்பாவது எழுதிக் கொடுக்காவிட்டால் பிடித்துவிடுவார்கள். புயலும் வெள்ளமும் எந்த வருடம் வரும் என்று தெரியாத டெல்டாவில் 2 ஏக்கருக்கு 1,080 ரூபாயை வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பது புத்திசாலித்தனமா என்பது வேறு கேள்வி. முடிவு விவசாயியுடையதாக இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

இரண்டாவது வரி 20 ரூபாய், பிரதமரின் விபத்துக் காப்பீடு. மூன்றாவது 342 ரூபாய், பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு. முழு வருடப் பிரீமியம் 436 என்றாலும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை சேர்கிறவர்களுக்கு 342-தான். ஆகவே செப்டம்பரில் 436 பிடித்திருந்தால் கேட்கலாம். இரண்டும் சம்மதத்தின் பேரில் சேர்பவை. வேறு வங்கிக் கணக்கில் ஏற்கெனவே சேர்ந்திருந்தால் இங்கே கட்டுவது வீண், ஒருவருக்கு ஒரு காப்பீடு மட்டுமே செல்லும். ஜீவன் ஜோதியில் சேர வயது 50-ஐத் தாண்டக்கூடாது.

நான்காவது வரிதான் பேச வேண்டியது: 2,500 ரூபாய், ஒரு ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரில். இது அரசுத் திட்டம் அல்ல, பயிர்க் காப்பீடும் அல்ல. கடன் பத்திரங்களோடு ஒரு விண்ணப்பத்தையும் சேர்த்து நீட்டி, பத்துக் கையெழுத்தோடு பதினொன்றாக வாங்கப்பட்ட பாலிசி. கடன் கிடைக்க இது நிபந்தனை என்று யாராவது சொன்னால், அந்த நிபந்தனையை எழுத்தில் கேட்டாலே பெரும்பாலும் பேச்சு மாறிவிடும். வேண்டாத ஆயுள் பாலிசியை, அது கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெரும்பகுதி மீட்க வழி உண்டு. நாட்கள் ஓடிவிட்டால் மீட்பது கடினம்.

பிடித்தப் பட்டியலில் இருக்கக்கூடாதவை இன்னும் சில. 3 லட்சம் வரையிலான கேசிசி கடனுக்குச் செயல்முறைக் கட்டணம், ஆய்வுக் கட்டணம், ஆவணக் கட்டணம் ஆகியவற்றைத் தவிர்க்கும்படி 2019-இல் வங்கிகள் சங்கம் சொல்லிவிட்டது.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாங்கினால் சித்திரம் கொஞ்சம் மாறும். கெடுவுக்குள் கட்டினால் தமிழகத்தில் வட்டியே இல்லை; தவறினால் வட்டி முழுதாக வரும். கடனில் ஒரு பகுதி உரமாக வரும். பங்குத் தொகையும் பிடிப்பார்கள். ரொக்கம் மத்தியக் கூட்டுறவு வங்கிக் கணக்குக்குப் போகும். ஆக, கடன் தொகை என்பது ரொக்கம், உர பில், பங்குத் தொகை, பிரீமியம் ஆகிய நான்கின் கூட்டுத்தொகையாக வர வேண்டும். எடுக்காத உரமூட்டைக்கு பில் இருந்தால் கூட்டிப் பார்க்கும்போது தெரிந்துவிடும். புகாருக்கு, சங்கமென்றால் கூட்டுறவுத் துறையின் சார்பதிவாளர், இணைப்பதிவாளர். வங்கியென்றால் கிளையில் எழுதிக் கொடுத்து 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். இணையத்தில் cms.rbi.org.in, தொலைபேசியில் 14448.

பிரீமியம் பிடித்ததோடு காப்பீடு முடிந்துவிடுவதில்லை. வங்கி அந்தப் பணத்தையும் விவரத்தையும் தேசியப் பயிர்க் காப்பீட்டு இணையத்தில் ஏற்ற வேண்டும். கிளையில் விண்ணப்ப எண்ணைக் கேட்டு வாங்கி, pmfby.gov.in தளத்திலோ 14447 என்ற எண்ணிலோ சோதித்தால், பதிவானதா என்பது தெரியும். பார்க்க வேண்டியது பயிர், சர்வே எண், பரப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக வருவாய் கிராமம். சம்பா நெல்லில் மகசூல் இழப்பீடு பொதுவாகத் தனி வயலைப் பார்த்துக் கணக்கிடப்படுவதில்லை. அந்தக் கிராமத்தில் நடக்கும் பயிர் அறுவடைச் சோதனையின் சராசரி மகசூலை வைத்தே கணக்கிடப்படுகிறது. வயல் ஒரு கிராமத்திலும் வீடு பக்கத்துக் கிராமத்திலும் இருந்து, கணினியில் வீட்டு முகவரியின் கிராமம் ஏறிவிட்டால், தன் ஊரில் எல்லோருக்கும் இழப்பீடு வரும்போது இவருக்கு மட்டும் வராது.

சம்பாவுக்குப் பதிவின் கடைசித் தேதி பொதுவாக நவம்பர் 15 வாக்கில் அறிவிக்கப்படும், சில வருடம் நீட்டிப்பார்கள். திருத்தம் கேட்பதானால் அதற்கு முன் கேட்க வேண்டும். அதற்குப் பிறகும் ஒரு வழி இருக்கிறது: வங்கிக் கிளையின் தவறான பதிவாலோ, பிடித்த பிரீமியத்தை அனுப்பாததாலோ இழப்பீடு போனால், அதை அந்த வங்கியே ஈடுசெய்ய வேண்டும் என்கின்றன திட்ட விதிகள். அப்படிக் கேட்பதற்கு, சாகுபடி செய்த கிராமம் குறிக்கப்பட்ட அடங்கல் நகலும், பிடித்த தேதி தெரியும் ஸ்டேட்மென்ட்டும், கிளையின் முத்திரையோடு தேதி போட்டுப் பெற்ற கடிதத்தின் நகலும் கையில் இருக்க வேண்டும்.